எங்களுக்குத் தெரிகிறது

கல்லூரித் தொழில்நுட்ப மன்றத்தின் செயலாளருக்கு வகுப்புத் தோழர்கள் வைத்திருந்த பெயர் ஹெட்மாஸ்டர். யாராவது ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாள். மன்றத்தின் அறிவிப்புகளை அவளே எழுதுவாள். 'தயவுசெய்து' என்ற சொல் அவற்றில் இருக்கும். தயவு மட்டும் இருக்காது.

அந்த முறை கருத்தரங்குக்கு ஒரு மருத்துவமனைக் கருவி மெக்கானிக்கை அழைத்து வந்தது அவளுடைய யோசனைதான். ஐம்பதைத் தாண்டியவர், கல்லூரிப் பக்கம் போகாதவர், இருபத்தெட்டு வருடமாகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் உட்கார்ந்து ரத்த அழுத்தக் கருவி முதல் ஆபரேஷன் விளக்கு வரை எல்லாவற்றையும் பழுது பார்ப்பவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் பழைய மானிட்டர் ஒன்றை மேசையிலேயே கழற்றிப் போட்டு, ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். ஒரே ஓர் இடத்தில் 'காலிபரேஷன்' என்ற சொல் அவர் நாக்கில் சிக்கிக்கொண்டது. இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை வேறு எதுவோவாக வெளியே வந்தது. பின் வரிசையில் சிரிப்பு கிளம்பி முன் வரிசை வரை உருண்டு வந்தது. அவர் கர்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி, அளவு சரிபாக்கறதுன்னே வெச்சுப்போம்" என்று மேலே போனார்.

வராதவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்கள் பதிவைப் பார்த்து, மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி, அடுத்த வாரப் புதன்கிழமைக்குள் கொடுத்தால் வருகை உண்டு என்று மன்றத்துக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியை சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மன்ற அறையில் உட்கார்ந்து ஹெட்மாஸ்டர் வீடியோவை ஏற்றினாள். கடைசிப் பக்கத்தில், யார் பார்க்கலாம் என்று கேட்ட இடத்தில், 'தனிப்பட்டது' என்பதைத் தொட்டாள். முகப்புப் படம் இன்னும் தயாராகவில்லை. போட்டுவிட்டு 'பொது' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். படம் வந்தது, போட்டாள். அதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. 'பதிவேற்றம் முடிந்தது' என்ற வரி திரையில் பச்சையாக இருந்ததைப் பார்த்தாள். முடிந்தது என்றால் முடிந்ததுதானே என்று எழுந்து போனாள்.

சரிபார்க்காமலும் விடவில்லை. அதுதான் பிறகு அவளை அதிகமாகச் சுட்டது. மன்றத்தின் நிர்வாகிகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு தடவை அந்த இணைப்பைத் திறந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், கருத்தரங்கில் கேமரா பிடித்த ஒல்லி, நடுவில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து, "சவுண்டு பிரமாதம்" என்றான். ஐந்து பேரும் பார்த்தது மன்ற அறைக் கணினியில். அதில் மன்றத்தின் கணக்கு எப்போதும் திறந்தே இருக்கும். ஹெட்மாஸ்டர் தன் லேப்டாப்பிலும் போனிலும் பார்த்தாள். அவற்றிலும் அதே கணக்குதான். சொந்தக்காரருக்கு எந்த வீடியோவும் பூட்டித் தெரியாது என்பது ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெக்கானிக்குக்கு இணைப்பை அனுப்பிவிட்டு, வாட்ஸப் குழுவில் அறிவிப்பைப் போட்டாள். 'கருத்தரங்கப் பதிவு வெளியாகிவிட்டது. இணைப்பைத் தொட்டால் ஓடும். ஓடினால் வெளியாகியிருக்கிறது என்று பொருள். மன்ற நிர்வாகிகள் ஐவர் சரிபார்த்துவிட்டோம். எனவே தெரியவில்லை என்ற காரணம் ஏற்கப்படமாட்டாது.'

கடைசி வரியை எழுதிவிட்டு அவளே ஒரு முறை ரசித்துப் படித்தாள்.

அன்று மாலையே குழுவில் ஆரம்பித்தது. 'வரல', 'ஓடல', 'எனக்கும் தெரியல'. எழுதியவர்கள் எல்லோரும் கருத்தரங்குக்கு வராதவர்கள். வராதவர்களுக்குத்தானே சாக்கு வேண்டும்? சனிக்கிழமை அவள் பார்வைக் கணக்கைப் பார்த்தாள்: ஒன்பது. குழுவில் வெளுத்து வாங்கினாள். 'நாற்பத்தொரு பேருக்கு ஒன்பது பார்வை. நெட் சரியில்லை, போன் சரியில்லை என்று கதை விடுவதற்கு ஆகும் நேரத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம். பார்க்க மனசிருந்தால் தெரியும்.' ஒல்லி அதற்குக் கைதட்டும் படம் ஒன்றைப் போட்டான்.

திங்கட்கிழமை மதியம் மெக்கானிக்கிடமிருந்தே செய்தி வந்தது. 'வணக்கம்மா. வீடியோ எனக்கு வரவில்லை. நான் ஏதாவது தப்பாகத் தொடுகிறேனா தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நேரம் இருக்கும்போது பார்க்கவும்.' கீழே ஒரு படம், இறங்காமல் மங்கலாக நின்றது. அவள் ஆய்வகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள். படத்தைத் தொடவில்லை. நடந்துகொண்டே பதில் தட்டினாள்: 'சார், எங்களுக்குத் தெரிகிறது. உங்கள் போன் பழசாக இருக்கலாம். பக்கத்தில் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.'

'சரிம்மா. நன்றி' என்று வந்தது.

புதன்கிழமை வந்தது. பதில் எழுதிக் கொடுத்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரும் வந்திருந்தவர்களின் குறிப்பை வாங்கி எழுதியிருந்தார்கள் என்பது எழுத்திலேயே தெரிந்தது. மீதி முப்பத்தெட்டு பேரின் பட்டியலைத் தட்டச்சு செய்து ஹெட்மாஸ்டர் பேராசிரியையிடம் கொடுத்தாள்.

"நிஜமாவே யாருக்கும் தெரியலையோ?" என்றார் அவர்.

"அஞ்சு பேர் செக் பண்ணோம் மேடம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தான். போன் கடையில் வேலை; நாள் முழுக்க அடுத்தவர் போனைப் பார்த்துவிட்டு வருபவனுக்கு வீட்டில் போன் என்ற சொல்லே ஆகாது.

"நீ மேடையேறிப் பேசினியாமே, அத நான் பாக்க வேண்டாமா?" என்றாள் அம்மா. "அனுப்பறேன் அனுப்பறேன்னு ஒரு வாரமாச்சு."

ஹெட்மாஸ்டர் இணைப்பை அனுப்பினாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தொட்டாள்.

"என்னடி இது, பூட்டுப் படம் வருது?"

"சரியா தொடும்மா."

"பொத்தான் ஒண்ணுதானே இருக்கு, அத எத்தன விதமா தொடறது?"

"நெட் இருக்கான்னு பாரு."

"இப்பதான் உங்க சித்தி அனுப்பின பாப்பா டான்ஸ பாத்தேன். அது மட்டும் எப்படி வந்துச்சு?"

அண்ணன் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினான். போனை வாங்கி ஒரு பார்வை பார்த்தான். உட்கார்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்தான்.

"இது பிரைவேட்ல இருக்கு."

"எனக்குத் தெரியுதே! இங்க பாரு, ஓடுது." அவள் தன் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உனக்கு ஓடத்தான் செய்யும். எந்த அக்கவுண்ட்ல பாக்கற?"

"கிளப் அக்கவுண்ட்."

"ஏத்தினது?"

அண்ணன் அவள் போனில் மன்றக் கணக்கின் வீடியோப் பட்டியலைத் திறந்தான். பெயருக்குப் பக்கத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு பூட்டு இருந்தது. "வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு கதவு திறந்திருக்கான்னு பாத்திருக்க. தினமும் கடைக்கு இதே கேஸோட ரெண்டு பேர் வராங்க. ஆனா அவங்க யாரும் கம்ப்யூட்டர் படிக்கல."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். வழக்கமாக இருந்தால் அவள் ஒன்றுக்கு நான்காகத் திருப்பியிருப்பாள். இப்போது முகத்தில் ஈயாடவில்லை. குழுவில் வந்த 'வரல', 'ஓடல', 'தெரியல' எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றும் உண்மை. ஒன்பது பார்வை: மன்றத்தின் ஐந்து பேர், அவளே மீண்டும் மீண்டும். நாற்பத்தொரு பேரை அவள் திட்டியது தங்களுடைய பார்வைகளின் எண்ணிக்கையைக் காட்டித்தான்.

அப்புறம் மெக்கானிக் ஞாபகம் வந்தது. செய்தியைத் திறந்து, இறங்காமல் நின்ற படத்தைத் தொட்டாள். அம்மாவின் போனில் இருந்த அதே பூட்டு. அதே வரி. மூலையில் நேரம், பேட்டரி அளவு எல்லாம் தெரியும்படி ஒழுங்காக எடுத்திருந்தார். கருவி பழுதென்றால் என்னென்ன குறிக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர் அனுப்பிய படம். அதற்குக் கீழே அவளுடைய பதில். 'விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.' யாரிடம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

'பொது' என்று மாற்றி, சேமித்தாள். அம்மாவின் போனில் மறுபடி தொட்டார்கள். ஓடியது.

அம்மா நறுக்குவதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். மகள் வரவேற்றுப் பேசியதற்கு முகமெல்லாம் மலர்ந்தாள். மெக்கானிக் பேச ஆரம்பித்ததும் அதையும் விடாமல் பார்த்தாள். "பாவம், எவ்வளவு பொறுமையா சொல்றார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டி, அவர் திணறும்போது நீ சிரிக்கற?" என்றாள்.

"நானா?"

அம்மா பின்னால் ஓட்டிக் காட்டினாள். ஒல்லி கேமராவைச் சற்று அகலமாக வைத்திருந்தான். முன் வரிசையின் ஓரத்தில் ஹெட்மாஸ்டர், அழைத்து வந்தவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. பின் வரிசைதான் சிரித்தது என்றே ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அத வெட்டிடலாமா?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

"வெட்டலாம். ரெண்டு நிமிஷ வேலை." அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அவர் எதிர்லதானே சிரிச்ச?"

அவள் வெட்டவில்லை. துணிச்சல் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தை மறுபடி திறந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் வகுப்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போனில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்திருந்தாள். அடித்தளத்துக்கு ஒரு சரிவுப் பாதை இறங்கியது. சுவரெங்கும் குழாய்கள். கடைசியில் ஒரு கம்பி வலைக் கதவு, அதற்குள் மெக்கானிக். காலில்லாத சக்கர நாற்காலி ஒன்றும், நெஞ்சைத் திறந்து வைத்த மானிட்டர்கள் நான்கும் அவரைச் சுற்றி இருந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் எழுந்தது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உக்காருமா. ஏதாவது கடிதம் கொடுக்கணுமா?"

"இல்ல சார். வீடியோ... அது உங்க போன் கோளாறு இல்ல. நான் பூட்டி வெச்சிருந்தேன். எங்க அக்கவுண்ட்லயே பாத்துட்டு எல்லாருக்கும் தெரியுதுன்னு சொல்லிட்டேன். நீங்க அனுப்பின படத்தையும் நான் திறந்து பாக்கல. திறக்காமலே பதில் போட்டேன்."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தார்.

"பூட்டினது கை தவறியா?"

"ஆமா சார். மாத்தறதுக்கு மறந்துட்டேன்."

"நான் வேற நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார். "பேச்சு சரியில்ல, கல்லூரிப் பேரு கெட்டுடும்னு நிறுத்திட்டாங்களோன்னு. அத நேரா சொல்ல முடியாம போன் பழசுன்னு சொல்றாங்களோன்னு."

"ஐயோ, இல்ல சார்."

"திங்கக்கிழமை சாப்பாட்டு நேரத்துல மேல ஸ்டாஃப் ரூம்ல பெரிய டிவில போட்டோம். நர்ஸுங்க, லேப்ல இருக்கறவங்க, பதினஞ்சு இருபது பேரு. கண்காணிப்பாளரம்மா கூட வந்து உக்காந்தாங்க. பூட்டுதான் வந்துச்சு." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கருவி எப்படிப் பழுதானது என்று சொல்கிற மாதிரி சொன்னார். "அப்பதான் உனக்கு மெசேஜ் போட்டேன். உன் பதில பக்கத்துல இருந்த பையன் சத்தமா படிச்சுட்டான். 'விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க'ன்னு. அப்புறம் ரெண்டு நாளா என்னப் பாத்தா எல்லாரும் அதையே சொல்றாங்க. விளையாட்டுக்குத்தான்."

அவளுக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. "இப்ப எல்லாருக்கும் தெரியுது சார். மறுபடி டிவில போடலாம். நானே வந்து போட்டுத் தரேன்."

"வேண்டாம்மா. ஒரு தடவ கூப்பிட்டாச்சு. மறுபடி போய், வாங்க வாங்கன்னு என்னால நிக்க முடியாது. பாக்கறவங்க அவங்கவங்க போன்ல பாக்கட்டும்."

அந்தப் பதிலுக்குப் பிறகு அவள் போயிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது.

"சார், அந்த வீடியோல நான் சிரிக்கறது தெரியும். நீங்க அந்த வார்த்தை சொல்லும்போது."

"தெரியும்மா," என்றார் மெக்கானிக். "மேடைல நிக்கறவனுக்கு எல்லார் முகமும் தெரியும். அன்னிக்கே பாத்தேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த போனை அவர் எடுத்து, இணைப்பைத் தொட்டு, ஓடுவதைப் பார்த்தார். பிறகு வெளியே வண்டி தள்ளிக்கொண்டு போன துப்புரவுப் பெண்மணியைக் கூப்பிட்டு, அவர் போனுக்கும் அனுப்பித் திறக்கச் சொன்னார். "வருதுண்ணே, நீங்கதான் பேசறீங்க!" என்று அந்த அம்மாள் சத்தமாகச் சொன்னார். மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பினார். "சரிம்மா. வகுப்புக்கு நேரமாகலையா?"

கல்லூரியில் பேராசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "நானும்தான் என் போன்ல ஒரு தடவ திறந்து பாத்திருக்கலாம். கையெழுத்துப் போட்டவ நான்." பட்டியலைத் திரும்பப் பெற அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். "நீ புது அறிவிப்பு எழுது. தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுடு, போதும்."

"கோளாறு எதுவும் இல்ல மேடம். எல்லாம் சொன்னபடிதான் வேலை செஞ்சுது."

பேராசிரியை ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அப்ப உன் இஷ்டம்" என்றார்.

அவள் எழுதிய அறிவிப்பு இது:

'கருத்தரங்கப் பதிவு நேற்று மாலைதான் உண்மையில் வெளியானது. அதற்கு முன் வெளியானதாக நான் அறிவித்தது தவறு. மன்றக் கணக்கிலிருந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் தெரியும் என்று எழுதினேன். தெரியவில்லை என்று சொன்ன அனைவரும் உண்மையையே சொன்னீர்கள். உங்களைக் கேலி செய்து எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி எந்தப் பதிவும் வெளியாகியிருக்கிறதா என்பதை இப்படி உறுதி செய்யவும். உலாவியில் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் இணைப்பை ஒட்டிப் பார்க்கவும். பூட்டுப் படமோ, தனிப்பட்டது என்ற வரியோ, கணக்கில் நுழையச் சொல்லும் பக்கமோ வந்தால் அது உங்களுக்குத் திறக்கப்படவில்லை. உங்கள் போன் காரணமல்ல. கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவிலும் ஒரு முறை பார்க்கவும். ஆரம்பம், நடு, முடிவு மூன்றிடத்திலும் ஒரு நிமிடம் ஓட்டி, ஒலி இருக்கிறதா என்று கேட்கவும். ஏற்றிய சில மணி நேரத்துக்குப் படம் மங்கலாக இருக்கலாம். அது தானே தெளியும்.

தெரியாவிட்டால் திரையைப் படமெடுத்து நேரத்தோடு அனுப்பவும். வரும் ஒவ்வொரு படமும் திறந்து பார்க்கப்படும். பிரச்சினை தீரும் வரை கெடுத் தேதி செல்லாது.

நிர்வாகிகளுக்கு: ஏற்றி முடிந்தது என்றால் வெளியாகிவிட்டது என்று பொருளல்ல. 'பொது' என்று இருக்கிறதா பார்க்கவும். மன்றத்தில் இல்லாத ஒருவர் தன் போனில் பார்த்துச் சொன்ன பிறகே அறிவிக்கவும்.'

குழுவில் போட்டால் மட்டும் போதாது என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மதியம், வராதவர்கள் அதிகமிருந்த வகுப்புக்குப் போய் நின்று, படித்தாள். முதல் பத்தியில் குரல் இரண்டு இடத்தில் இடறியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

படித்து முடித்ததும் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். 'எனக்கும் தெரியல' என்று போன வெள்ளிக்கிழமையே எழுதியவள். கருத்தரங்கு நாளில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். விடுப்புக் கடிதம் கூடக் கொடுத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கவா? நாங்க இத்தன பேர் சொன்னோமே. ஒருத்தர் போனயாவது வாங்கிப் பாக்கணும்னு உனக்கு ஏன் தோணல?"

பதில் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. புதன்கிழமை மாலையிலிருந்து அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு முடிவு பண்ணிட்டேன்," என்றாள். "அதனால பாக்கல."

எழுந்தவள் உட்கார்ந்தாள். பிறகு, "சரி, புதுத் தேதி என்ன?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்தாள்.

ஹெட்மாஸ்டர் தேதியைக் கரும்பலகையில் எழுதினாள். வாசல் வரை போன பிறகு, பின்னால் யாரோ தன் போனில் அந்தப் பதிவை ஓட்ட, மெக்கானிக்கின் குரல் வகுப்பில் கேட்டது. மானிட்டரின் மூடியை எந்தப் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.